எங்கள் மாவு மில்லின் ஒரு நாள், வாரத்துக்கு ஆறு துண்டாக

எங்கள் மில்லில் காலையில் மிளகாய் அரைக்க மாட்டோம். சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் அப்பா மில் போட்ட நாளிலிருந்து இதுதான் வழக்கம். காலை 7 மணிக்கு ஷட்டர் தூக்கினால் மதியம் 12:30 வரை அரிசி, கோதுமை, கேழ்வரகு. பிறகு சாப்பாடு. 3 மணிக்கு மேல்தான் காரம். புதிதாகக் குடிவந்தவர்கள் காலையிலேயே மிளகாய்த் தூக்கோடு வந்து நிற்பார்கள். "மூணு மணிக்கு மேல வாம்மா" என்று அப்பா ஒரே வரியில் அனுப்பிவிடுவார். சிலர் கோபித்துக்கொண்டு வேறு மில்லுக்குப் போனதும் உண்டு.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு காரணம் இருக்கிறது என்று எனக்கே ரொம்ப நாள் தெரியாது. குழந்தை பிறந்தபின் வேலையை விட்டுவிட்டு அப்பாவோடு மில்லில் உட்கார ஆரம்பித்தபிறகுதான் கேட்டேன். அரைக்கிற இடம் ஒரே அறை. இரண்டு மிஷினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. மிளகாய் அரைத்தால் அந்த நெடி அரிசி மாவில் போய் உட்காரும். இது ஒன்று. இன்னொன்று வெயில். மிளகாயை மொட்டை மாடியில் காலையிலிருந்து காயவைத்து, சூடாக இருக்கும்போதே கொண்டுவந்தால் கிள்ளினதும் 'படக்'கென்று ஒடியும். அப்படி ஒடிகிற மிளகாய்தான் மிஷினில் சரியாக அரைபடும். மதியத்துக்கு மேல் எங்கள் பக்கம் கடல்காற்று வந்துவிடும். சாயங்காலம் வரை மாடியில் விட்டால் அந்த ஈரத்தில் மிளகாய் நமத்துப்போகும். வளைகிற மிளகாயைப் போட்டால் சல்லடை அடைத்துக்கொள்ளும், தூள் கட்டி கட்டியாக வரும். ஆக, மிளகாய்க்கு 3 மணி என்று நேரம் குறித்தது அப்பா இல்லை, வெயிலும் கடலும்தான்.

எங்கள் மில்லுக்காக நான் செய்த வாட்ஸ்அப் தொடர் முழுவதும் இந்த ஒரு காரணத்திலிருந்து பிறந்தது. அதை எப்படி அமைத்தேன், எங்கே சறுக்கினேன் என்பதை எழுதுகிறேன். சின்னக் கடை வைத்திருப்பவர்களுக்கு, முக்கியமாக அன்றாடம் வாங்காத பொருளை விற்பவர்களுக்கு உபயோகப்படலாம்.

அரைத்துக் கொடுப்பதோடு நாங்கள் மூன்று பொருளை பாக்கெட் போட்டும் விற்கிறோம். குழம்பு மிளகாய்த்தூள், மீன் குழம்புப் பொடி, இடியாப்ப மாவு. மூன்றும் அலமாரியில் வரிசையாக இருக்கும். அரைக்க வருகிறவர்களில் யாராவது கண்ணில் பட்டு வாங்கினால் உண்டு. போன வருஷம் மாசி மாதம் மில்லின் போனை நான் கையில் எடுத்தேன். தினமும் காலையில் பாக்கெட் படம், கீழே விலை, 'இன்று புதிதாக அரைத்தது' என்று ஒரு வரி. ஸ்டேட்டஸில் மூன்று வாரம் விடாமல் வைத்தேன். முதல் வாரம் 90 பேருக்கு மேல் பார்த்தார்கள். மூன்றாவது வாரம் 40 பேர். விலை கேட்டவர்கள் இரண்டு பேர். அவர்களும் வாங்கவில்லை.

படம் மோசம் என்று நினைத்து வெளிச்சம் மாற்றினேன், எழுத்து மாற்றினேன். ஒரு நாள் எதிர்வீட்டு அக்காவிடம் நேரடியாகவே கேட்டேன். "என் வீட்டுல வருஷத்துக்கு ரெண்டு தடவ மொளகா அரைப்பேன். தெனம் தெனம் வாங்கு வாங்குன்னா இன்னா பண்றது? உன் ஸ்டேட்டஸ மூடி வெச்சிட்டேன்" என்றார். அவர் சொன்னதில் கணக்கு இருந்தது. மிளகாய்த்தூளை ஒரு வீடு மாதத்துக்கு ஒரு தடவை வாங்கும், இல்லை பங்குனி, சித்திரையில் வருஷத்துக்கே அரைத்து வைத்துக்கொள்ளும். மாதத்துக்கு ஒரு தடவை தேவைப்படுவதை மாதத்துக்கு 30 தடவை கேட்டால் யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் செய்வார்கள். ஆனால் மில்லில் வேலை தினமும் நடக்கிறது. அதைக் காட்டினால் தினமும் காட்டலாம். அவர்களுக்குத் தேவை வருகிற அன்றைக்கு நம் மில் ஞாபகத்தில் இருந்தால் போதும்.

அதனால் பாக்கெட் படத்தை நிறுத்திவிட்டு, ஒரு வாரம் எந்த வீடியோவும் எடுக்காமல் ஒரு நாற்பது பக்க நோட்டில் அப்பா என்ன செய்கிறார் என்பதை மணியோடு எழுதிக்கொண்டே இருந்தேன். இதை நான் பெரிதாக மதிக்கிறேன். போனைத் தூக்கிக்கொண்டு சுற்றினால் அழகாகத் தெரிவதைத்தான் எடுப்போம். எழுதும்போதுதான் அவர் ஏன் ஒவ்வொரு நாளும் முதல் பிடி மாவைத் தனியாக எடுத்து வைக்கிறார், ஏன் மிஷினை நிறுத்தியதும் துணிப் பையை மூன்று தட்டு தட்டுகிறார் என்றெல்லாம் கண்ணில் பட்டது.

நோட்டில் முப்பதுக்கு மேல் வேலைகள் சேர்ந்தன. அதிலிருந்து ஆறைத் தேர்ந்தெடுத்தேன். கையால் செய்கிற வேலையாக இருக்க வேண்டும், அப்படிச் செய்ய ஒரு காரணம் இருக்க வேண்டும், அந்தக் காரணம் வீட்டில் சமைக்கிறவருக்கு எந்த வகையிலாவது பயன்பட வேண்டும் என்று பார்த்தேன். கல்லாவில் சில்லறை எண்ணுவது காலை வெயிலில் அழகாக இருந்தது. ஆனாலும் எடுத்துவிட்டேன். அதைப் பார்த்து யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

முழு நாளையும் ஒரே வீடியோவில் அடைக்கத்தான் முதலில் நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஒன்று எடுத்தும் பார்த்தேன், மூன்று நிமிஷம் வந்தது, எதுவும் மனதில் நிற்கவில்லை. அடுத்த நாளும் அதே ஷட்டர், அதே மிஷின் என்றால் எடுக்கவும் ஒன்றும் இருக்காது. அதனால் ஒரு நாளை ஒரு வாரமாகப் பிரித்தேன். திங்கள் காலை 7 மணி, செவ்வாய் 9 மணி, புதன் மதியம் 1 மணி, வியாழன் 3 மணி, வெள்ளி 5 மணி, சனி இரவு 8 மணி. திங்கள் முதல் சனி வரை பார்க்கிறவருக்கு மில்லின் ஒரு முழு நாள் முடிந்திருக்கும். ஞாயிறு கிடையாது. அன்றைக்கு எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டிருப்பார்கள், மீதிப் பேர் அந்த மீனைக் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

திங்கள் 7 மணிக்கு முதல் பிடி. முந்தின நாளின் மிச்சம் மிஷினுக்குள் கொஞ்சம் தங்கியிருக்கும். அப்பா நம் அரிசியில் ஒரு பிடி போட்டு ஓட்டி, அந்த மாவைத் தனியாக ஒதுக்கிவிட்டுத்தான் முதல் ஆளின் அரிசியைப் போடுவார். செவ்வாய் ஈர அரிசி. இடியாப்பத்துக்கு ஊறவைத்து நிழலில் உலர்த்திக் கொண்டுவருவார்கள். அரைத்த மாவைக் கையில் இறுக்கிப் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். நிற்காவிட்டால் அரிசி அதிகம் காய்ந்துவிட்டது, உதிராவிட்டால் ஈரம் அதிகம். புதன் 1 மணிக்கு மில் ஓடாது. அப்பா சாப்பிட்டுவிட்டுச் சல்லடையைக் கழற்றித் தட்டுவார், மாவு மிஷினின் கல்லைத் தொட்டுப் பார்ப்பார். வியாழன் மிளகாய். வெள்ளி 5 மணிக்கு அரைத்த தூளைத் தாளில் பரப்பி ஆறவிடுவது. சனி இரவு கூட்டிப் பெருக்குவதும் எடைக்கணக்கும்.

இந்த ஆறில் எங்கள் பாக்கெட் கண்ணில் படுவது வெள்ளிக்கிழமை மட்டும்தான். 5 மணிக்கு அப்பா ஆறின தூளைப் பாக்கெட்டில் போடுவார், அதனால் அன்றைக்கு அது படத்தில் இருக்கும். மற்ற நாட்களில் கேமரா பாக்கெட்டைத் தேடிப் போகக் கூடாது என்று எனக்கு நானே ஒரு கட்டு போட்டுக்கொண்டேன். விலையை எந்த வீடியோவிலும் சொல்வதில்லை. யாராவது பதில் போட்டுக் கேட்டால் அங்கே சொல்வேன். ஸ்டேட்டஸுக்குப் போடும் பதில் தனி உரையாடலாகத்தானே வருகிறது. விலைப் பேச்சுக்கு அதுதான் இடம். பாக்கெட் வரும் அந்த வெள்ளிக்கிழமையில் மட்டும் லேபிள் நேராகத் தெரிகிற மாதிரி ஒரு நொடி நிறுத்துவேன். என்னென்ன போட்டிருக்கிறோம், எந்தத் தேதியில் பாக்கெட் போட்டோம், உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் எல்லாம் அதில் இருக்கிறது. வாய் திறந்து 'சுத்தமானது' என்று சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

வியாழக்கிழமை வீடியோ ஒன்றை எப்படி எடுத்தேன் என்று விவரமாகச் சொல்கிறேன். 40 நொடி. ஐந்து காட்சி. முதல் காட்சி மாடியில் சாக்கின்மேல் பரப்பிய மிளகாய், நிழல் சாய்ந்திருப்பது தெரிய வேண்டும். அதிலேயே நேரம் தெரிந்துவிடும். இரண்டாவது, ஒரு கை ஒரு மிளகாயை எடுத்து ஒடிக்கிறது. அந்த 'படக்' சத்தம் கேட்க வேண்டும், பின்னணியில் வேறெதுவும் கூடாது. மூன்றாவது, இன்னொரு மிளகாயை அதே கை வளைக்கிறது, ஒடியவில்லை. இதற்கு முந்தின நாள் மாலை வெளியிலேயே விட்டுவைத்த மிளகாய் ஒரு பிடி தேவை. அதை மறந்துவிட்டால் அன்றைக்கு வீடியோ இல்லை. நான்காவது, மிஷின் வாயில் மிளகாய் இறங்குகிறது, மூன்று நொடி. ஐந்தாவது, துணிப் பையிலிருந்து தூள் தட்டில் விழுகிறது. என் குரலில் மூன்றே வாக்கியம். 'ஒடியணும். வளைஞ்சா இன்னும் ஒரு வெயில் வேணும். கடல்காத்து வர்றதுக்குள்ள எடுத்துடுங்க.'

இதில் 'எங்களிடம் அரைக்க வாருங்கள்' என்று ஒரு வார்த்தை இல்லை. பார்க்கிறவருக்கு மிளகாய் எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்பது புரிகிறது, 3 மணி ஏன் என்பதும் சேர்ந்தே புரிகிறது. அதற்குப் பிறகு காலையில் மிளகாயோடு வந்து சண்டை போடுகிறவர்கள் குறைந்தார்கள். ஒரு அக்கா தூக்கைத் திறந்து, அப்பா முன்னால் ஒரு மிளகாயை ஒடித்துக் காட்டி, "பாத்தியா அண்ணே, சரியா காஞ்சிருக்கா?" என்று கேட்டார். வீடியோவில் காட்டிய அதே கை அசைவு. அன்றைக்கு நோட்டில் அதைத்தான் முதலில் எழுதினேன்.

மில்லில் வீடியோ எடுப்பதில் இரண்டு தொல்லை. ஒன்று சத்தம். மிஷின் ஓடும்போது பேசினால் போனில் வெறும் இரைச்சல்தான் பதியும். அதனால் மிஷின் சத்தத்தை மூன்று நொடிக்கு மேல் வைப்பதில்லை, என் குரலை இரவு ஷட்டர் இறக்கியபிறகு மூட்டை அடுக்கியிருக்கும் பின் அறையில் உட்கார்ந்து தனியாகப் பதிவு செய்கிறேன். மூட்டைகள் எதிரொலியை வாங்கிக்கொள்கின்றன, குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி வருகிறது. இன்னொன்று தூசி. லென்ஸில் மாவு படிந்தால் ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த மெல்லிய துணியால் ஊதி ஊதித் துடைக்க வேண்டும். மிளகாய் ஓடும்போது போனை மிஷின் பக்கம் கொண்டுபோகாமல் வாசலில் நின்று ஜூம் செய்து எடுக்கிறேன். படம் கொஞ்சம் மங்கலாகத்தான் வரும், பரவாயில்லை. அந்த நெடியில் கிட்ட நின்றால் இருமலில் கை ஆடிவிடும்.

முதல் நான்கு வாரம் நான் ஒரு பெரிய தப்பு செய்தேன். 3 மணிக்கு நடப்பதை 3 மணிக்கே போட்டேன். 7 மணி வீடியோ 7 மணிக்கு. மணிக்கு மணி பொருந்துவது எனக்குப் பிடித்திருந்தது. திங்கள், சனிக்கு அது சரியாகவும் இருந்தது. ஆனால் மிளகாய் வீடியோவை வியாழன் 3 மணிக்குப் பார்க்கிறவர் அப்போது என்ன செய்ய முடியும்? மிளகாய் காலையிலேயே வெயிலுக்குப் போயிருக்க வேண்டும். பார்த்தார்கள், ரசித்தார்கள், யாரும் வரவில்லை. இடியாப்ப அரிசிக்கும் அதே கதைதான், அரிசியை முன்கூட்டியே ஊறவைத்தால்தான் காலை 9 மணிக்குக் கொண்டுவர முடியும்.

மில்லில் வேலை நடக்கும் நேரம் ஒன்று, வீட்டில் ஒருவர் அதைப் பற்றி முடிவெடுக்கிற நேரம் வேறு. வீடியோ போக வேண்டியது இரண்டாவது நேரத்துக்கு. இது புரிந்ததும் மிளகாய் வீடியோவைப் புதன் இரவு 8 மணிக்கு மாற்றினேன். சமையல் முடிந்து, நாளைக்கு என்ன என்று யோசிக்கிற நேரம் அது. கடைசி வரியில் 'நாளைக்கு வெயில் இருக்கும்போல, மாடியில போட்டுடுங்க' என்று மட்டும் சேர்த்தேன். மறுநாள் 3 மணிக்கு வாசலில் ஏழு தூக்கு வரிசையாக நின்றது. அதற்கு முன் வியாழக்கிழமைகளில் இரண்டு, மூன்றுதான் இருக்கும். ஈர அரிசி வீடியோவும் திங்கள் மாலைக்குப் போனது. முதல் பிடி வீடியோவும் எடை வீடியோவும் எப்போது போட்டாலும் ஒன்றுதான், அதனால் அவற்றை அந்த மணியிலேயே விட்டுவிட்டேன்.

எடை வீடியோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா அதை வேண்டாம் என்றார். அரைக்கக் கொடுத்ததைவிடக் குறைவாக வருகிறது என்பது எல்லா மில்லிலும் இருக்கும் பழைய மனத்தாங்கல். அதை நாமே எடுத்துக் காட்டுவதா என்று அவருக்குப் பயம். நம் வீட்டு மிளகாய் 2 கிலோவைத் தராசில் வைத்து, அரைத்து, ஆறவிட்டு, மறுபடி வைத்துக் காட்டினேன். 1 கிலோ 940 கிராம். அந்த 60 கிராம் எங்கே போனது என்பதையும் காட்டினேன். துணிப் பையைத் தட்டினால் ஒரு கரண்டி அளவு உதிர்ந்தது. மிஷினுக்குள் கொஞ்சம் ஒட்டியிருந்தது. சுவரிலும் ஜன்னல் கம்பியிலும் சிவப்பாகப் படிந்திருந்தது. மிளகாயில் மிச்சம் இருந்த ஈரமும் அரைக்கும் சூட்டில் கொஞ்சம் போய்விடும். துணிப் பையை மூன்று தட்டு தட்டுவது அவர்கள் தூளை அவர்களுக்கே சேர்க்கத்தான் என்பது அன்றைக்குப் பலருக்குத் தெரிந்தது. இப்போதெல்லாம் வருகிறவர்கள், "அண்ணே, இன்னொரு தட்டு" என்கிறார்கள். அப்பாவும் தட்டுகிறார்.

கதை சொல்வதில்தான் நான் ஒருவரை நோகடித்தேன். மாதத்துக்கு ஒரு தடவை வருகிற ஒரு ஆயா. காசிமேட்டில் பல வருஷம் மீன் விற்றவர். அவர் மீன் குழம்புப் பொடிக்குக் கொண்டுவரும் சாமான் மற்றவர்களுடையதுபோல இருக்காது. மிளகாய்க்கும் மல்லிக்கும் அவர் வைத்திருக்கும் கணக்கு தனி, சோம்பு சேர்க்கவே மாட்டார், வெந்தயத்தைக் கையில் எண்ணி எடுத்த மாதிரிக் கொஞ்சம்தான் போடுவார். வெந்தயம் கூடினால் குழம்பு கசக்கும் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வியாழக்கிழமை வீடியோ ஒன்றில் அவர் தூக்கையும் கையையும் காட்டி, அவர் அளவை முழுசாகச் சொல்லிவிட்டேன். முகத்தைக் காட்டவில்லை, பேர் சொல்லவில்லை, அதனால் தப்பில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து வந்தார். "ஏன் பாப்பா, எங்க அம்மா எனக்குச் சொன்ன அளவு அது. என் மருமவளுக்கே இன்னும் முழுசா சொல்லல. நீ ஊருக்கே சொல்லிட்டியே" என்றார். சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அந்தத் தூக்கைப் பார்த்தே யார் என்று எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் போய்விடும், ஆனால் அதையே நான் இன்ஸ்டாகிராமிலும் வைத்திருந்தேன். அவர் முன்னாலேயே அதை அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் அளவு ஏற்கெனவே சிலருக்குப் போயிருக்கும், அதை நான் திருப்பி எடுக்க முடியாது.

அதற்குப் பிறகு ஒருவருடைய கதையைச் சொல்வதானால் எடுப்பதற்கு முன்னால் கேட்கிறேன், போடுவதற்கு முன்னால் அதை அவரிடமே போட்டுக் காட்டுகிறேன். எடுக்கச் சரி என்று சொல்பவர்களில் சிலர் பார்த்தபிறகு வேண்டாம் என்கிறார்கள். அப்படியே விட்டுவிடுவேன். யார் வீட்டு அளவையும் சொல்வதில்லை, எங்கள் பாக்கெட்டின் அளவைக் கேட்டால் மட்டும் சொல்கிறேன். ஆயா அடுத்த மாதம் வந்தபோது அவராகவே ஒரு விஷயம் சொன்னார். தூளை டப்பாவில் போட்டு மேலே கல் உப்பை மெல்லிசாகத் தூவி ஒரு கட்டிப் பெருங்காயத்தை வைத்தால் வண்டு அண்டாது என்றார். "இத வேணா போட்டுக்கோ" என்றார். அந்த வெள்ளிக்கிழமை வீடியோவில் அவர் கையே அந்தப் பெருங்காயத்தை வைத்தது. தூளை முழுக்க ஆறவிட்டுத்தான் டப்பாவை மூட வேண்டும், சூட்டோடு மூடினால் மூடிக்கு உள்ளே வேர்த்து, தூள் கட்டியாகி நிறம் மங்கும் என்பதையும் அதிலேயே சேர்த்துச் சொன்னேன்.

ஆறு வீடியோவை வாராவாரம் புதிதாக எடுப்பது முடியாத காரியம். நான் எடுப்பதும் இல்லை. முதல் காட்சி எப்போதும் ஒன்றேதான். அந்தந்த மணிக்கு விழும் வெளிச்சம். அதைப் பார்த்ததும் இது நம்ம மில்லு என்று தெரிந்துவிடும். கை வேலையும் ஒன்றே. மாறுவது பொருளும் ஆளும்தான். ஒரு வாரம் செவ்வாயில் இடியாப்ப அரிசி, அடுத்த வாரம் அதே இடத்தில் புட்டு மாவு. புதனன்று ஒரு தடவை கல் கொத்துகிறவர் வந்தார். கல் தேய்ந்தால் மாவு சூடாக வரும், அரைபடவும் நேரம் ஆகும். அவர் உளியால் கல்லில் வரி வரியாகக் கொத்திக்கொடுத்தார். அரை நாள் மில் மூடியிருந்தது. 'இன்று மில் விடுமுறை' என்று அட்டை மாட்டுவதற்குப் பதிலாக அந்த உளிச் சத்தத்தை வைத்து ஒரு வீடியோ போட்டேன். எங்கள் தொடரில் அதற்குத்தான் அதிகம் பேர் பதில் எழுதினார்கள். மறுநாள் வந்தவர்கள் மாவைக் கையில் வாங்கிச் சூடு இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

எது பலன் தந்தது என்பதை நான் பார்த்தவர்கள் எண்ணிக்கையை வைத்துச் சொல்வதில்லை. கல்லா பக்கத்தில் அந்த நோட்டு இருக்கிறது. அதில் மூன்று விஷயம் குறிக்கிறேன். எந்தப் பாக்கெட் எத்தனை போனது, 3 மணிக்கு எத்தனை தூக்கு, வருகிறவர் பேச்சில் வீடியோவில் சொன்ன வார்த்தை ஏதாவது வந்ததா. மூன்றாவதுதான் முதலில் மாறியது. விற்பனை மாற இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. குழம்பு மிளகாய்த்தூள் கால் கிலோ பாக்கெட் வாரத்துக்கு 14 போய்க்கொண்டிருந்தது, ஆனி முடிவில் 31 ஆனது. அரைக்கக் கொடுப்பவர்கள் அவர்களுடையதை அரைத்துக்கொண்டே போகிறார்கள். பாக்கெட் வாங்குவது பெரும்பாலும் அவர்களுடைய மகள்கள், மாடி இல்லாத வாடகை வீட்டில் இருப்பவர்கள்.

ஆனால் மீன் குழம்புப் பொடி நடுவில் சரிந்தது. 20 போனது 9 ஆனது. நான் பயந்துபோய் வீடியோவின் அமைப்பையே மாற்றப் போனேன். அப்பாதான் காலண்டரைக் காட்டினார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் வரத்துக் குறைந்து விலை ஏறிவிடும். மீன் வாங்காத வீட்டுக்கு மீன் பொடி எதற்கு? தடை முடிந்ததும் அது பழையபடி ஏறியது, நான் எதையும் மாற்றவில்லை. அந்த இரண்டு மாதமும் மீன் பொடியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கக் கூடாது. இந்த வருஷம் அந்த இடத்தில் கருவாட்டுக் குழம்புக்கு எப்படிப் பொடி போடுவது என்று இரண்டு வீட்டுக்காரர்களிடம் கேட்டு வைத்திருக்கிறேன். ஆடி வந்தால் கேழ்வரகு. கூழ் ஊற்றும் வாரங்களில் எங்கள் மிஷின் காலை முழுக்க அதற்குத்தான் ஓடும். அப்போது திங்கள் முதல் புதன் வரை மூன்று வீடியோவும் கேழ்வரகுக்கே போய்விடும்.

தொடர் தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலையை நான் ரொம்பத் தாமதமாகத்தான் செய்தேன். நம் நம்பரை அவர்கள் போனில் சேமித்திருந்தால்தான், நாமும் அவர்கள் நம்பரைச் சேமித்திருந்தால்தான் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் அவர்களுக்குத் தெரியும். எங்களிடம் அரைக்க வருகிறவர்களில் பாதிப் பேரிடம் மில் நம்பரே இல்லை. பில் போடும் பழக்கமும் எங்களுக்குக் கிடையாது. தூக்கில் கட்டி அனுப்பும் சீட்டில் பேரும் எடையும் எழுதுவோம். அந்தச் சீட்டின் பின்பக்கம் நம்பரை முத்திரையாகக் குத்த ஆரம்பித்தேன், கூடவே 'மூணு மணிக்கு வெயில் எப்படின்னு சொல்றோம்' என்று ஒரு வரி. சீட்டை வாங்கினதும் "சேமிச்சிட்டு ஒரு ஹாய் போடுங்க" என்று நானே கேட்பேன். இப்படிச் சேர்ந்தவர்கள்தான் இன்றைக்குப் பார்க்கிறவர்களில் பெரும்பகுதி.

ஐப்பசி, கார்த்திகையில் இந்த அமைப்பு பாதி நின்றுபோகும். வெயில் இல்லை, மாடியில் மிளகாய் இல்லை, முதல் காட்சியில் விழ வெளிச்சமும் இல்லை. போன வருஷம் நான் சேமித்து வைத்த பழைய வெயில் வீடியோக்களைப் போட்டு ஒப்பேற்றப் பார்த்தேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, போனில் மொட்டை மாடி வெயில். இரண்டு பேர் "இன்னிக்கு எங்க வெயிலு?" என்று கேட்டுப் பதில் போட்டார்கள். அன்றைக்கே நிறுத்திவிட்டேன். நேற்றைய வெயிலை இன்றைக்கு என்று காட்டினால் அந்த 3 மணிப் பேச்சை யாரும் நம்பமாட்டார்கள். இப்போது மழை நாளுக்கென்று வேறு நான்கு வைத்திருக்கிறேன். வெயில் இல்லாதபோது மிளகாயை வாணலியில் கையில் சூடு ஏறும் வரை மட்டும், நிறம் மாறாமல் புரட்டி எடுப்பது எப்படி என்பது அதில் ஒன்று. அதை எங்கள் வீட்டு அடுப்பில் எடுத்தேன். கை அம்மாவுடையது.

நேற்று புதன்கிழமை. இரவு 8 மணிக்கு வானத்தைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டேன். மேற்கே மேகம் இருக்கிறது, சந்தேகம்தான் என்றார். அதனால் மிளகாய் வீடியோ போடவில்லை. 'நாளைக்கு மிளகாய் வேண்டாம், வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம்' என்று ஒரு வரி மட்டும் எழுதி, மூடின ஷட்டர் படத்தோடு வைத்தேன். ஆயா ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். "சரி பாப்பா, நான் வெள்ளிக்கிழம வர்றேன், அப்பாவ சல்லடய தட்டி வெக்கச் சொல்லு."